மேனேஜர்கிட்ட ரெக்கமண்டேஷன் கேக்குறது பத்தி

டேய் மச்சி,

உன் மெயில் பாத்தேன், வேலையில இருந்துக்கிட்டே மேல படிக்க அப்ளை பண்றேன்னு எழுதியிருந்தியே, ரொம்ப சந்தோஷம்டா, எவ்ளோ நாளா சொல்லிட்டு இருந்த விஷயம் இது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், டீம்ல ஆள் கூடியிருக்கு, வேலையும் கூடியிருக்கு, மத்தத அப்புறம் எழுதுறேன். முதல்ல நீ கேட்டதுக்கு வரேன்.

பழைய மேனேஜருக்கு அனுப்ப நீ எழுதி வெச்ச மெசேஜ் மரியாதையா இருக்கு, ஆனா முக்கால்வாசி நலம் விசாரிப்பு, கடைசி வரியிலதான் "டைம் கிடைச்சா என்னைப் பத்தி ஏதாவது எழுதித் தர முடியுமா மேடம்"னு வருது. அந்த "ஏதாவது"தான் இடிக்குது. அவங்களுக்கு உனக்கு எழுதித்தர மனசு இருக்கும், ஆனா எதுக்கு, எப்போக்குள்ள, எங்க அனுப்பணும், என்ன எழுதுறதுன்னு எல்லாத்தையும் அவங்களே யோசிக்கணும்னா சாயங்காலம் பாத்துக்கலாம்னு ஒதுக்கி வெப்பாங்க, அது அப்படியே அடியில போயிடும். பெரும்பாலும் யாரும் முடியாதுன்னு சொல்றதில்ல, பதிலே வராது, அவ்ளோதான்.

அதனால கேக்குறத மேலயே கேட்டுடு. நான்னா இப்படி எழுதுவேன்:

"வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா? ஒரு உதவி கேட்டு எழுதுறேன். முதுகலை படிப்புக்கு அப்ளை பண்றேன், எனக்கு ஒரு ரெக்கமண்டேஷன் லெட்டர் தர முடியுமா? ஒரு பக்கம் போதும், அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ள வேணும். கஸ்டமர் சப்போர்ட்ல உங்ககிட்ட இருந்தப்போ, ஒரே புகார் திரும்பத் திரும்ப வருதுன்னு நான் பழைய டிக்கெட் எல்லாத்தையும் வகை பிரிச்சு ஒரு ஷீட் போட்டேன், நீங்க அத மத்த டீமுக்கும் காட்டச் சொன்னீங்க. அத மட்டும் பத்தி எழுதினாலே எனக்குப் பெரிய உதவி. நீங்க சரின்னா ரெஸ்யூமேவும் குறிப்பும் இன்னிக்கே அனுப்புறேன். இப்போ வேலை அதிகமா இருந்தா தயங்காம சொல்லுங்க மேடம், நான் வேற ஒருத்தர்கிட்ட கேட்டுக்கறேன்."

பாரு, அவங்க "சரிப்பா, அனுப்பு"ன்னு போன்லயே பதில் போட்டுடலாம். அந்த ஷீட் விஷயத்த நான் வேணும்னேதான் போட்டேன். நீ கடின உழைப்பாளி, நல்ல பையன்னு யாரு வேணா யாருக்கு வேணா எழுதலாம், படிக்கிறவங்க அதுல எதையும் எடுத்துக்க மாட்டாங்க, ஆனா கூட இருந்து பாத்தவங்க மட்டுமே சொல்லக்கூடிய ஒரு சம்பவம் இருந்தா அந்த லெட்டருக்கு எடை வந்துடும். அவங்க கையில எத்தனையோ பேர் வேலை பாத்திருப்பாங்க, உன் சம்பவத்த நீதான் ஞாபகப்படுத்தணும். கடைசி வரியையும் வெட்டிடாத. அரைமனசா எழுதின லெட்டர் உனக்குக் கெடுதல்தான், அதவிட இப்பவே முடியாதுன்னு தெரிஞ்சா வேற ஆள் தேட உனக்கு டைம் இருக்கும்.

நீயே முழுசா எழுதி குடுத்து கையெழுத்து வாங்கலாமான்னு கேட்டிருந்த. வேண்டாம்டா. நிறைய ஆபீஸ்ல அது நடக்குறதுதான், ஆனா படிப்புக்கான லெட்டர பரிந்துரைக்கிறவங்களே எழுதணும்னு பல காலேஜ் சொல்லுது, உன் அப்ளிகேஷனும் லெட்டரும் ஒரே கையில எழுதின மாதிரி இருந்தா தெரிஞ்சும் போயிடும். அரைப் பக்கக் குறிப்பு குடு: எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரை அவங்ககிட்ட இருந்த, உன் பதவி என்ன, அந்த ஷீட்டால என்ன மாறுச்சு, எந்தக் கோர்ஸ், ஏன். வாக்கியம் அவங்களோடதா இருக்கட்டும்.

இன்னொண்ணு, இத நிறைய பேர் கவனிக்கிறதில்ல. அப்ளிகேஷன் சைட்ல அவங்க ஈமெயில போட்டு பட்டன அமுக்கினா சிலதுல உடனே அவங்களுக்கு லிங்க் போயிடும், அவங்க சரின்னு சொல்றதுக்கு முன்னாடி அது போனா நல்லா இருக்காது. எந்த ஈமெயில் குடுக்கணும்னும் கேட்டுக்கோ, அவங்க இப்போ வேற கம்பெனின்னு சொன்ன, பழைய ஆபீஸ் ஐடிக்குப் போனா அவ்ளோதான். லிங்க் போன அன்னிக்கே "ஸ்பேம்லயும் ஒருதடவ பாருங்க மேடம்"னு ஒரு வரி போட்டுடு.

சில கம்பெனியில ரூல் உண்டு, பழைய ஆளுங்களப் பத்தி வேலை பாத்த தேதியும் பதவியும் மட்டும்தான் சொல்லலாம், அதுவும் ஹெச்ஆர் மூலமா. அவங்க அதனால தயங்கினா, கம்பெனி லெட்டர்ஹெட் இல்லாம தனிப்பட்ட முறையில தர முடியுமான்னு கேட்டுப்பாரு, காலேஜ் அத ஏத்துக்குமான்னு முன்னாடியே பாத்து வெச்சுக்கோ. அதுக்கும் முடியாதுன்னா விட்டுடு, வற்புறுத்தாத.

நீ அவங்களுக்குச் சொல்ற தேதி உண்மையான கடைசி தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி இருக்கட்டும், அப்போதான் நடுவுல ஒரு தடவ ஞாபகப்படுத்த இடம் இருக்கும், அந்த மெசேஜ்லயும் லிங்க திரும்பப் போட்டுடு, பழச தேட வெக்காத.

திருத்தி எழுதிட்டு எனக்கு அனுப்பு, ராத்திரி பாத்துடுறேன். வீட்ல எல்லாரையும் கேட்டேன்னு சொல்லு.