மகளுக்கு, டியூஸ் பத்தி

மக்களே,

ராத்திரி ஒண்ணு இருபதுக்கு அனுப்பின மெசேஜ காலையிலதான் பாத்தேன். "அப்பா டென்னிஸ்ல டியூஸ்னா என்ன, அட்வான்டேஜ்னா என்ன"ன்னு அது மட்டுந்தான் இருந்துது, சாப்பிட்டியான்னு கூட கேக்கல. பத்தொம்பது நாள் கழிச்சு வந்த மெசேஜ். அம்மைகிட்ட நேரம் சொல்லல, பிள்ள கேட்டிருக்கான்னு மட்டும் சொன்னேன். ராத்திரி அவ்ளோ நேரம் முழிக்காத மக்களே.

சரி கேளு. ஒரு கேம்ல மொத பாயின்ட் 15, ரெண்டாவது 30, மூணாவது 40, நாலாவது எடுத்தா கேம் முடிஞ்சு, அது உனக்கே தெரியும். ஆனா ரெண்டு பேரும் 40ல வந்து நின்னா ஒரு பாயின்ட்ல முடிக்க விடமாட்டாங்க. அதுதான் டியூஸ். அங்கேருந்து ஒருத்தர் தொடர்ந்து ரெண்டு பாயின்ட் எடுக்கணும். ஒண்ணு எடுத்தா அட்வான்டேஜ், டிவில அவர் பேருக்கு நேர AD னு வரும். அடுத்ததும் அவருக்கே கிடைச்சா கேம் அவருக்கு. மத்தவரு எடுத்துட்டா அந்த அட்வான்டேஜ் அழிஞ்சி போச்சு, பழையபடி டியூஸ். இவருக்கு ஒண்ணு அவருக்கு ஒண்ணுன்னு சேத்து வைக்கிறது கிடையாது, எல்லாரும் முழிக்கிற இடம் இதுதான்.

ஸ்கோர பாக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. சர்வ் போடுறவரு எந்தப் பக்கம் நிக்காருன்னு பாரு. கேமோட மொத பாயின்ட் அவருக்க வலப்பக்கத்துலேருந்து, அடுத்தது இடப்பக்கம், இப்படி மாறி மாறி போகும். டியூஸ் வரும்போ ஆறோ எட்டோ பத்தோ, எப்பவும் ரெட்டப்படையாத்தான் பாயின்ட் முடிஞ்சிருக்கும், அதனால டியூஸ்ல எப்பவும் வலப்பக்கம், அட்வான்டேஜ்ல எப்பவும் இடப்பக்கம். இத்தன தடவதான் டியூஸ் வரலாம்னு கணக்கும் கிடையாது. 1975ல இங்கிலாந்துல சர்பிட்டன்ங்கிற ஊர்ல ஒரே கேம்ல 37 டியூஸ் வந்திருக்கு, கூட்டிப் பாத்தா 80 பாயின்ட். சில டபுள்ஸ் போட்டில மட்டும் 40-40ல ஒரே பாயின்ட்ல முடிச்சிருவாங்க, அத பாத்து குழம்பாத.

மாப்பிள்ளைதான் விடாம டென்னிஸ் பாப்பாருல்லா. பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கேக்காம, ஒண்ணு இருபதுக்கு என்கிட்ட கேட்டிருக்க. நான் ஒண்ணும் கேக்கல. சாப்பாட்ட மட்டும் விடாத. பெங்களூர்ல நீயே வீடு பிடிச்சு, வேலையும் பாத்து, நம்ம குடும்பத்துல யாரு செஞ்சா அப்படி? தக்கலைல போற வாற எல்லாருகிட்டயும் சொல்லுவேன். ஆனா பத்தொம்பது நாள் ஒரு போன் இல்லங்கிறதும் உள்ளதுதான மக்களே.

2019 விம்பிள்டன் ஃபைனல் ஞாபகம் இருக்கா, ஜூலை 14? அஞ்சாவது செட்ல ஃபெடரர் 8-7, அவருக்க சர்வ், 40-15. ஒரு பாயின்ட் போதும், கப்பு அவருக்கு. மொத பாயின்ட்ல ஃபோர்ஹேண்ட் கோட்டுக்கு வெளிய போச்சு, 40-30. அந்த 40-30ம் அட்வான்டேஜும் ஒண்ணுதான், எடுத்தா கேம், விட்டா டியூஸ். அடுத்ததுல நெட்டுக்கு ஏறி வந்தாரு, ஜோகோவிச் பந்த குறுக்க அடிச்சி அவர தாண்ட விட்டாரு. டியூஸ். ஒண்ணு போதும்னு நின்ன மனுசனுக்கு இப்பம் திரும்பவும் ரெண்டு வேணும். கிடைக்கல. கேம் போச்சு, 8-8, கடைசில 13-12ன்னு மேட்சும் போச்சு.

அந்த 40-40ல நீ என் பக்கத்துல இருந்து கேட்ட, "ரெண்டு பேருக்கும் 40 ஆயிட்டே, இனி எப்படிப்பா முடியும்?"னு. நான் என்ன சொன்னேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "ஒண்ணும் தெரியலன்னா எழும்பி உள்ள போ"ன்னு கத்தினேன். நீ ஒரு வார்த்த பேசல, தலகாணிய எடுத்துட்டு போயிட்ட. அதுக்கப்புறம் ஒரு மேட்சுக்கும் என் பக்கத்துல வந்து இருந்ததில்ல, நானும் கூப்பிடல. ரெண்டு நிமிசத்துல சொல்லியிருக்கலாம். கத்துறவங்க முன்னால வாய மூடிட்டு எழும்பிப் போற பழக்கத்த நீ என்கிட்ட இருந்துதான் படிச்சியோன்னு காலையிலேருந்து மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கு. தப்பு என் மேலதான் மக்களே. யாருக்கு முன்னாலயும் நீ அப்படி எழும்பிப் போகாண்டாம்.

பின்பக்கத்து வருக்கச் சக்கை பழுத்தாச்சு, அம்மை உனக்குன்னு ஒண்ண வெட்டாம வச்சிருக்கா. நேரத்துக்கு சாப்பிடு, ராத்திரி முழிக்காத. இந்த ஞாயித்துக்கிழம ஃபைனல் பாக்கும்போ போன பக்கத்துலயே வச்சிருப்பேன், ஒவ்வொரு டியூஸுக்கும் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

அப்பா