காஸ்ட்ரின் அளவு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வெளியான வயிற்றுப் புண் பற்றிய கட்டுரை பெரும்பாலும் சரியான செய்திகளையே தந்திருந்தது. ஆனால் அதன் கடைசிப் பகுதியில், அல்சர் திரும்பத் திரும்ப வருபவர்கள் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு ரத்தத்தில், அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான காஸ்ட்ரினின் அளவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும், அது உயர்ந்திருந்தால் கணையத்தில் கட்டி இருக்கிறது என்று பொருள் என்றும் எழுதப்பட்டிருந்தது. இரைப்பை, குடல் நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவன் என்ற முறையில், இந்த இரண்டு வாக்கியங்களையும் மறுக்க வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன். முதலாவது வாக்கியம் உயிருக்கு ஆபத்தானது, இரண்டாவது தவறானது.

ஆறாத புண் என்றவுடன் மருத்துவர்கள் அரிய நோய்களைத் தேடிப் போவதில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் வலி நிவாரணி மாத்திரைகளுமே மிகப் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்பதால், அவை இரண்டும் உண்மையாகவே விலக்கப்பட்டிருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கிருமிச் சோதனை செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். இதயத்துக்காகச் சாப்பிடும் சிறு ஆஸ்பிரினையும் மூட்டுவலி மாத்திரையையும் நோயாளிகள் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இவை எல்லாம் விலக்கப்பட்டு, மாத்திரை முறையாகச் சாப்பிடப்பட்டு, 8 முதல் 12 வாரங்களுக்குப் பிறகும் புண் ஆறாமலோ, ஆறிய புண் மீண்டும் வந்தோ தொல்லை கொடுத்தால்தான், அளவுக்கு மீறி அமிலம் சுரக்கக் காரணம் என்ன என்ற தேடல் தொடங்குகிறது.

அந்தத் தேடலில் முதன்மையானது சோலிங்கர்-எலிசன் நோய். 1955இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் சோலிங்கர், எட்வின் எலிசன் என்ற இரு அறுவை மருத்துவர்கள், எத்தனை முறை அறுவை செய்தும் சிறுகுடலில் மீண்டும் மீண்டும் புண் வந்த இரு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் அமிலம் மிக அதிகமாகச் சுரந்தது. இருவரின் கணையத்திலும் கட்டி இருந்தது. அந்தக் கட்டி காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை இடைவிடாமல் சுரக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் ஒன்று முதல் மூன்று பேருக்கே வரும் நோய் இது. கட்டுரையில் குறிப்பிட்டதுபோல் கட்டி எப்போதும் கணையத்தில் இருப்பதும் இல்லை. பெரும்பாலும் டியோடினம் எனப்படும் முன்சிறுகுடலின் சுவரிலேயே, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அளவில் ஒளிந்திருக்கும்.

காஸ்ட்ரின் இயல்பாக எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தால்தான், அந்த ஒற்றை எண் ஏன் ஏமாற்றுகிறது என்பது விளங்கும். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள செல்கள் காஸ்ட்ரினைச் சுரந்து அமிலத்தைத் தூண்டுகின்றன. போதுமான அமிலம் வந்ததும் அந்தச் சுரப்பு அடங்கிவிடும். அமிலமே வராவிட்டால், வேலை நடக்கவில்லையே என்று குரலை உயர்த்திக்கொண்டே போகும் மேற்பார்வையாளரைப்போல, காஸ்ட்ரின் ஏறிக்கொண்டே போகும். பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகள் அமிலத்தை அடக்குவதால், அவற்றைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்குக் காஸ்ட்ரின் உயர்ந்திருப்பது சாதாரணம். இரைப்பையின் உட்சுவர் மெலிந்துபோய் அமிலம் சுரக்கும் திறனையே இழந்தவர்களுக்கோ அது இயல்பைவிடப் பத்து மடங்காகி ஆயிரத்தையும் தாண்டும். இவர்களுடைய நோய் அமிலக் குறைவு; சோலிங்கர்-எலிசன் நோய்க்கு நேர் எதிரானது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, காஸ்ட்ரின் எவ்வளவு என்பது மட்டும் அன்று. அதே வேளையில் இரைப்பையில் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதும்தான். காஸ்ட்ரின் உயர்ந்திருந்து, இரைப்பை நீரில் அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவும் 2க்குக் கீழே இருந்தால் மட்டுமே ஐயம் வலுப்படும். பி.எச். 5 அல்லது 6 என்று இருக்கும் ஒருவரிடம் ‘உங்களுக்குக் கட்டி’ என்று சொல்லி அவரையும் குடும்பத்தையும் கலங்க வைப்பது பெருங்கொடுமை. அத்தகைய அறிக்கையோடு அழுதுகொண்டே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் சிகிச்சை அளித்த ஒருவரின் கதையை, அவரை அடையாளம் காட்டாமல், இங்கே சொல்கிறேன். நாற்பதுகளில் இருந்த அந்தப் பெண்மணிக்கு ஈராண்டுகளாக மேல்வயிற்றில் எரிச்சல். மாத்திரை சாப்பிட்டால் அடங்கும். நிறுத்தினால் சில நாட்களிலேயே திரும்பும். எண்டோஸ்கோப்பியில் மூன்று புண்கள் தெரிந்தன. இரண்டு, வழக்கமாக அல்சர் வரும் முன்சிறுகுடலின் தொடக்கத்தில் இருந்தன. மூன்றாவது அதைத் தாண்டி, இரண்டாம் பகுதியில் இருந்தது. இரைப்பையின் மடிப்புகள் தடித்திருந்தன. கிருமி இல்லை, வலி மாத்திரைப் பழக்கமும் இல்லை. இந்த நோயிலும் புண் ஒன்றே ஒன்றாக, வழக்கமான இடத்திலேயே இருப்பதுதான் மிகுதி என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பல புண்கள் இருப்பதும், அவற்றுள் ஒன்று கீழே தள்ளி இருப்பதும் கவனத்தை ஈர்க்க வேண்டிய அறிகுறிகள்.

அவரிடம் வேறொரு துப்பும் இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தியிருக்கவில்லை. அதே ஈராண்டுகளாக அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. மனஅழுத்தத்தால் வரும் குடல் கோளாறு என்று அதற்குத் தனியாக மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடும் நாட்களில் போக்கு நின்றுவிடுகிறதா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, ஆமாம், மாத்திரையை நிறுத்தும்போதெல்லாம் அதுவும் திரும்பி வருகிறது என்றார். சாதாரண அல்சருக்கு இந்தக் குணம் இல்லை. சிறுகுடலுக்குள் அளவுக்கு மீறிக் கொட்டும் அமிலம் அதன் உட்சுவரைப் புண்படுத்துகிறது. கொழுப்பைச் செரிக்க வைக்கும் கணைய நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. செரிக்காத கொழுப்பும் மிகுதியான நீரும் போக்காக வெளியேறுகின்றன. அமிலம் அடங்கினால் போக்கும் அடங்குவது இதனால்தான். அல்சரும் நாட்பட்ட வயிற்றுப்போக்கும் ஒரே ஆளிடம் இருந்தால் இரண்டையும் ஒன்றாக வைத்து யோசியுங்கள் என்று இளம் மருத்துவர்களிடம் ஓயாமல் சொல்லிவருகிறேன்.

அவருக்கு மாத்திரையோடு எடுத்த காஸ்ட்ரின் மில்லிலிட்டருக்கு 640 பிகோகிராம் இருந்தது. இயல்பான உச்ச அளவு 100. மாத்திரையின் விளைவாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம் என்பதால், மாத்திரை இல்லாமல் மீண்டும் பார்க்க வேண்டியிருந்தது. கட்டுரை எளிதாகக் கடந்துபோன இடம் இதுதான். உண்மையிலேயே இந்த நோய் உள்ளவர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடைபட்டிருந்த அமிலம் சில நாட்களிலேயே பெருக்கெடுத்து, புண்ணிலிருந்து ரத்தம் கொட்டவோ, குடலில் ஓட்டை விழவோ கூடும். எனவே புண் ஆறியிருப்பதை எண்டோஸ்கோப்பியில் உறுதிசெய்த பிறகே, பான்டோப்ரசோலுக்குப் பதிலாக, விளைவு விரைவில் நீங்கும் ஃபமோடிடின் மாத்திரையை அதிக அளவில் ஒரு வாரம் கொடுத்து, சோதனைக்கு முன் அதையும் நிறுத்தி, இடைப்பட்ட நேரத்துக்கு அமில முறிவு மருந்தை மட்டும் அனுமதித்து, மருத்துவமனையின் கண்காணிப்பிலேயே வைத்திருந்தோம். புண் திறந்திருக்கும் நிலையிலோ, போக்கினால் உடல் வறண்டிருக்கும் நிலையிலோ, மாத்திரையை நிறுத்தாமல் வேறு வழிகளில் தேடுவதே நல்லது.

மாத்திரை இல்லாத நாளில் வெறும் வயிற்றில் காஸ்ட்ரின் 720. இரைப்பை நீரின் பி.எச். 1.2. இவ்வளவு அமிலம் இருக்கும்போது காஸ்ட்ரின் அடங்கியிருக்க வேண்டும், அடங்கவில்லை. காஸ்ட்ரின் இயல்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்து, பி.எச். 2க்குக் கீழே இருந்தால் அதுவே போதுமான சான்று. ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது பத்து மடங்கை எட்டுவதில்லை, இவருக்கும் எட்டவில்லை. அதனால் செக்ரிடின் என்ற ஹார்மோனை ரத்தக்குழாயில் செலுத்திச் சில நிமிட இடைவெளிகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். இயல்பான செல்கள் செக்ரிடினுக்கு அடங்கும். கட்டியின் செல்களோ மேலும் காஸ்ட்ரினைக் கக்கும். தொடக்க அளவைவிட 120 அல்லது அதற்கு மேல் கூடினால் நோய் உண்டு என்று கொள்வார்கள். ஐந்தாவது நிமிடத்தில் அவருடைய அளவு 720இலிருந்து 1,150க்கு ஏறியது.

இதன் பிறகே கட்டி எங்கே என்ற கேள்வி எழுந்தது. சாதாரண சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. சிறு கட்டிகளுக்கு அது போதாது. இவ்வகைக் கட்டிச் செல்களின் மேல் ஒட்டும் காலியம் கதிரியக்க மருந்தைக் கொண்டு எடுக்கும் பெட் ஸ்கேன், முன்சிறுகுடலின் சுவரில் ஒரு புள்ளியையும், அதன் அருகே ஒரு நிணநீர்க் கணுவையும் காட்டியது. அறுவை மருத்துவர் குடலைத் திறந்து விரலால் தடவிக் கண்டுபிடித்த கட்டியின் அளவு 8 மில்லிமீட்டர். கணுவிலும் அது பரவியிருந்தது. இக்கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை பரவும் தன்மை கொண்டவை; கல்லீரலுக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தால் அறுவையால் முழுமையாக நீக்குவது கடினம். முதல் அறிகுறியிலிருந்து நோய் உறுதியாகும்வரை சராசரியாக ஐந்தாண்டுகளுக்கு மேல் கழிந்துவிடுகிறது என்பதுதான் என்னை வருத்துகிறது. முன்பெல்லாம் இந்நோயாளிகளின் உயிரைக் காக்க இரைப்பையையே முழுவதும் அகற்றினார்கள். இன்று வலிமையான மாத்திரைகள் அந்தத் தேவையை நீக்கிவிட்டன. ஆனால் அதே மாத்திரைகள் அறிகுறிகளை மூடி மறைத்து, நோயைக் கண்டறிவதையும் தாமதப்படுத்துகின்றன.

இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்த நோயாளிகளில் நாலைந்து பேரில் ஒருவருக்கு இது தனி நோயன்று. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகளையும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் சேர்த்துத் தாக்கும் பரம்பரைக் கோளாறின் பகுதி. பாராதைராய்டு மிகையாகச் சுரந்தால் ரத்தத்தில் கால்சியம் கூடும்; ஆகவே அதைப் பார்க்காமல் இச்சோதனை முழுமை பெறாது. சிறுநீரகக் கல் அடிக்கடி வந்ததா, உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் இப்படி ஏதேனும் உண்டா என்று கேட்க வேண்டும். அந்தப் பெண்மணிக்குக் கால்சியம் இயல்பாகவே இருந்தது. அறுவைக்குப் பின் காஸ்ட்ரின் இயல்புக்கு வந்தது. ஆயினும் கட்டி மீண்டும் வரக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் சோதனைக்கு வந்துகொண்டிருக்கிறார்.

தங்கள் அடுத்த இதழில் கட்டுரையின் அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காஸ்ட்ரின் அறிக்கையில் எண்ணை மட்டும் அச்சிடாமல், ரத்தம் எடுத்தபோது நோயாளி வெறும் வயிற்றில் இருந்தாரா, அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா, அந்த மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்ற மூன்று விவரங்களையும் கேட்டு அதிலேயே குறிப்பிடுங்கள். அறிக்கையைப் படிக்கும் மருத்துவருக்கு அந்த எண்ணைவிட அவ்விவரங்களே முதலில் தேவைப்படுகின்றன.

இப்படிக்கு,
இரைப்பை, குடல் நோய் மருத்துவர் ஒருவர்