வெண்பாவின் நிறுத்தத்துக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்: செய்யுள் ஒப்புவித்தல் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுப் போட்டியின் முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான். யார் பரிசு வாங்கினார்கள் என்பதைப் பற்றி எழுத வரவில்லை. எங்கள் மாணவியின் மதிப்பீட்டுத் தாளில் நடுவர் ஒருவர் எழுதியிருந்த குறிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்: 'இரண்டாம் அடியின் நடுவில் தடுமாறி நின்றார்.' அதற்காக மதிப்பெண்ணும் குறைத்திருந்தீர்கள். அவள் தடுமாறவில்லை ஐயா. நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள்.

பாடல் நல்வழியின் கடவுள் வாழ்த்து. எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டுதான். இருந்தாலும் அச்சில் இருக்கவேண்டிய முறையில் ஒருமுறை தருகிறேன்.

பாலும் தெளிதேனும் பாகும் பருப்புமிவை
நாலும் கலந்துனக்கு நான்தருவேன் - கோலம்செய்
துங்கக் கரிமுகத்துத் தூமணியே நீஎனக்குச்
சங்கத் தமிழ்மூன்றும் தா.

இரண்டாம் அடியில் 'நான்தருவேன்' என்பதற்குப் பிறகு ஒரு சிறு கோடு இருக்கிறதே, அதுதான் என் மடலின் பொருள். நீங்கள் பள்ளிகளுக்கு அனுப்பிய தாளில் அந்தக் கோடு இல்லை.

இது நேரிசை வெண்பா. இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல்லாக நிற்கும். பாலும், நாலும், கோலம் என்று எதுகை அதை முதல் இரண்டு அடிகளோடு கட்டிவைக்கிறது. ஆனால் பொருள் அதை முன்னால் இழுக்கிறது. கோலம்செய் துங்கக் கரிமுகம், அதாவது அழகு செய்யும் உயர்ந்த யானைமுகம். ஓசை பின்னால் சேர, பொருள் முன்னால் சேர, அந்த ஒரு சொல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 'நான் தருவேன்' என்பதோடு ஒரு பேச்சு முடிந்துவிட்டது. அங்கே நின்று, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, 'கோலம்செய்' என்று எடுத்து, மூச்சு விடாமல் 'துங்கக் கரிமுகத்து' என்று போக வேண்டும். எங்கள் மாணவி செய்தது இதைத்தான்.

அடி முடிகிற இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'நான் தருவேன் கோலம் செய்.' யாரையோ வாசலில் கோலம் போடச் சொல்வது போல இருக்கிறது. பிள்ளையாரை விளிக்கும் தொடர் இரண்டாக உடைந்துபோகிறது. அப்படிச் சொன்ன பிள்ளைகளுக்கு 'தங்குதடையற்ற ஒப்புவிப்பு' என்று முழு மதிப்பெண் கிடைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் மேல் எந்தக் குறையும் இல்லை. தாளில் இருந்ததை அவர்கள் அப்படியே படித்தார்கள்.

கோடு மட்டும் போயிருந்தால்கூட ஆசிரியர்கள் சமாளித்திருப்போம். 'மாணவர் எளிதில் படிப்பதற்காக' என்று சீர்களையும் உடைத்து அச்சிட்டிருக்கிறீர்கள். 'நாலும் கலந்து உனக்கு நான் தருவேன் கோலம் செய்' என்று இருக்கிறது. நான்கு சீர் ஏழு துண்டாகிவிட்டது. பொருள் சொல்லும்போது பிரிக்கலாம், பிரிக்கத்தான் வேண்டும். ஓதுவதற்குத் தரும் தாளில் பிரித்தால் பிள்ளை ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டு போடுகிறது.

இதில் பெரிய இழப்பு கடைசி அடிக்குத்தான். அலகிட்டுப் பார்த்தால் தெரியும். ஒவ்வோர் அடியும் ஈரசைச் சீரில் தொடங்குகிறது: பாலும், நாலும், துங்கக், சங்கத். நான்குமே தேமா. அடுத்து வருவது ஒவ்வோர் அடியிலும் மூவசைக் காய்ச்சீர். முதல் அடியில் மாவும் காயும் மாறி மாறி வருவதால் பால், தேன், பாகு, பருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற நடை கிடைக்கிறது. இரண்டாம், மூன்றாம் அடிகளில் தேமாவுக்குப் பின் மூன்றுமே காய். அடி நீள்கிறது. மூன்றாம் அடியின் முடிவிலும் நிறுத்த முடியாது. 'நீஎனக்குச்' என்று முடியும் அந்த வல்லின ஒற்று அடுத்த அடியின் 'சங்க'த்தில் போய்த்தான் இறங்கும். அசை எண்ணினால் அடிக்கு 10, 11, 11 என்று வந்து, கடைசி அடி 6 அசையில் முடிந்துவிடுகிறது. காது இன்னும் ஒரு நீண்ட சீரை எதிர்பார்க்கிற இடத்தில் ஓரசை மட்டும் விழுகிறது: தா. நாள் என்னும் வாய்பாடு. 'நான் தருவேன்' என்று தொடங்கிய பேரத்தின் மறுபாதி முழுவதும் அந்த ஒற்றை அசையில் இருக்கிறது.

உங்கள் தாளில் அது 'சங்கத் தமிழ் மூன்றும் தா' என்று நான்கு துண்டு. நான்கு சீர் உள்ள அடியைப் போலவே நான்கு தட்டில் கடைசி அடியும் முடிந்துபோகிறது. 'தா' நான்கில் ஒன்று, அவ்வளவுதான். வெண்பாவின் ஈற்றடி முச்சீராக இருப்பதே காதில் விழாமல் போகிறது.

சரி, அப்படியானால் எல்லா வெண்பாவிலும் கடைசிச் சீருக்கு முன் நிறுத்தச் சொல்லலாமே என்று நீங்கள் ஒரு புது விதி எழுதிவிடக் கூடாது. மூதுரையின் 'நன்றி ஒருவற்கு' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஈற்றடி 'தலையாலே தான்தருத லால்'. 'தருதலால்' என்ற ஒரே சொல்லைத் தளைக்காக வகையுளியாகப் பிரித்திருக்கிறது. அங்கே 'லால்' முன் நிறுத்தினால் சொல் செத்துவிடும். அழுத்தம் 'தான்தருத' என்பதில் விழுந்து, 'லால்' அதோடு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தாள் உண்ட நீரைத் தென்னை தலையாலே தருகிறது என்ற செய்தியின் எடையும் அந்தச் சீரில்தான் இருக்கிறது. ஆகவே பாட்டுக்குப் பாட்டு பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைப் பார்ப்பதுதானே நடுவரின் வேலை?

இவ்வளவுக்கும் பிறகு நேரக் கட்டுப்பாடு வேறு. ஒரு நிமிடத்தில் எத்தனை பாடல் என்று எண்ணி மதிப்பெண் தருகிறீர்கள். வெண்பாவுக்குச் செப்பலோசை என்பது இலக்கணம். ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது போன்ற ஓசை. விரட்டி விரட்டி யாரும் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. வகுப்பறையிலும் நிலைமை இதுதான். பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு, தேமா புளிமா என்று கட்டம் போட்டு நிரப்புகிறார்கள். அந்தக் கட்டத்துக்கும் வாயில் வரும் ஓசைக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல நேரம் ஒதுக்குவதில்லை. போட்டி மேடையிலாவது அது கேட்கும் என்று நம்பிப் பிள்ளைகளைத் தயார் செய்கிறோம். அங்கேயும் அதற்குத் தண்டனை என்றால் நாங்கள் எங்கே போவது?

கோபத்தில் மடல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஆண்டுத் தாளில் வெண்பாக்களைச் சீர்களை உடைக்காமல், தனிச்சொல்லுக்கு முன் கோட்டுடன் அச்சிடுங்கள். சொற்பிரிப்பு வேண்டுமென்றால் கீழே தனியாகக் கொடுங்கள். தனிச்சொல்லுக்கு முன் வரும் நிறுத்தத்தைத் தடுமாற்றமாகக் கணக்கிட வேண்டாம் என்று நடுவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பாடல் எண்ணிக்கைக்கான மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, அதை ஓசைக்குக் கொடுங்கள்.

எங்கள் மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்தக் கேட்கவில்லை. அந்தத் தாளில் உள்ள குறிப்பை மட்டும் திருத்தி அனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன். அடுத்த முறையும் அவள் அந்த இடத்தில் நின்றுதான் சொல்வாள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை