டோஸ்ட் சொல்லப் போகிறவருக்கு ஒரு மடல்

விழாக் குழு நண்பர்களுக்கு,

நம் பள்ளி வகுப்பின் முப்பதாம் ஆண்டுச் சந்திப்பில், வராத நண்பர்களை நினைத்துக் கோப்பை உயர்த்தி டோஸ்ட் சொல்லும் பொறுப்பை நீங்கள் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். யார் சொல்வதாக இருந்தாலும், எழுத உட்காரும் முன் இந்த மடலை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன முறை கூடியபோது பேசியவர் நல்ல மனதோடுதான் பேசினார். "நம்ம வகுப்பிலிருந்து மூணு டாக்டர், எட்டு இன்ஜினியர், ஒரு நீதிபதி" என்று அவர் எண்ண ஆரம்பித்ததும் எல்லோரும் கை தட்டினோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அப்போது வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அவனும் கை தட்டினான். சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விட்டான். இந்த முறை கூப்பிட்டபோது, "நீங்க எல்லாரும் நல்லா இருங்கடா" என்று மட்டும் சொன்னான். வராதவர் பட்டியலில் அவன் பெயர் சேர்ந்ததற்கு அந்தக் கணக்கெடுப்பும் ஒரு காரணம். கை தட்டிய எனக்கும் அதில் பங்கு உண்டு.

இன்னொரு வாக்கியமும் அன்று வந்தது. இறந்துபோன நண்பனைப் பற்றி, "இருந்திருந்தா இன்னிக்கு எங்கேயோ போயிருப்பான்" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த வாக்கியம் போய்ச் சேர்ந்தவனையும் நம்மோடு ஓட விட்டுப் பார்க்கிறது. அவன் எங்கேயும் போயிருக்க வேண்டாம். பக்கத்து பெஞ்சில் இருந்தான், அது போதும்.

அதனால் ஒரே ஒரு எல்லைக்கோடு கேட்கிறேன். கடைசித் தேர்வு எழுதி முடித்த நாளுக்குப் பிறகு நடந்த எதுவும் டோஸ்டில் வர வேண்டாம். அதற்கு முந்திய நாட்கள் எல்லோருக்கும் பொது. மதிப்பெண்ணும் முதலிடமும் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்தும் வேண்டாம், கணக்கெடுப்பு தொடங்கியதே அங்கேதான்.

அடுத்து, பெயர்கள். வராதவர்கள் என்றால் இறந்தவர்கள் மட்டும் இல்லை. உடம்புக்கு முடியாதவர்கள், வர மனமில்லாதவர்கள், தேடியும் கிடைக்காதவர்கள், நடுவில் படிப்பை நிறுத்தியதால் கடைசி வருட குரூப் போட்டோவில் இல்லாதவர்கள் எல்லோரும் உண்டு. போட்டோவை வைத்துப் பட்டியல் போட்டால் அந்தக் கடைசி வகையினர் மொத்தமாக விடுபடுவார்கள். பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் இறந்துவிட்டார் என்பதை வீட்டாரிடமோ நேரில் அறிந்தவரிடமோ உறுதி செய்த பிறகே சொல்லுங்கள். காதில் விழுந்த செய்தி போதாது.

இறந்தவர்களின் பெயரை மட்டும் மேடையில் வாசிக்கலாம், அதுவும் முழுப் பெயராக, வகுப்பில் கூப்பிட்ட அதே வரிசையில். மற்றவர்களின் பெயரையும் ஏன் வரவில்லை என்பதையும் சபையில் சொல்ல வேண்டாம். நோயோ மனத்தாங்கலோ அவரவர் சொந்த விஷயம்.

பெயர்களுக்குப் பிறகு முப்பது விநாடி மௌனம். பேசுகிறவர் மனதுக்குள் எண்ணிக்கொள்ள வேண்டும். எண்ணாவிட்டால் பத்து விநாடியிலேயே பதற்றத்தில் பேசத் தொடங்கிவிடுவார்.

நான் எழுதிப் பார்த்த வரைவு இது:

"முப்பது வருஷம் கழித்து ஒரே அறையில் இருக்கிறோம். இப்போது நான் வாசிக்கும் பெயர்களுக்கு உள்ளுக்குள் ஒரு 'ஆஜர்' சொல்லிக்கொள்ளுங்கள். [பெயர்கள், மௌனம்.] மை தீர்ந்தபோது பேனாவைப் பாதியில் நீட்டியவர்கள், நாம் அழுததை யாரிடமும் சொல்லாதவர்கள் இவர்கள். இன்றைக்கு வர முடியாதவர்களுக்கும், வர வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கும், எங்கே இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதவர்களுக்கும் இந்த வகுப்பில் இடம் அப்படியே இருக்கிறது. எழுந்து நில்லுங்கள். வராத நண்பர்களுக்கு!"

பெயர்களையும் மௌனத்தையும் சேர்த்தாலும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. கோப்பையில் தண்ணீர் இருந்தாலும் சரிதான். இறந்தவர்களை நினைத்து உயர்த்துவதால் கோப்பைகளை மோத வேண்டாம், உயர்த்தினால் போதும். சாப்பாட்டுக்கு முன்பே வைத்துவிடுங்கள். அதற்கப்புறம் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள்.

சரி, பதிவேட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றுபோன, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் தாள் கிழிந்திருக்கிறது. அவள் முழுப் பெயர் யாருக்காவது நினைவிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வகுப்புத் தோழன்