வானத்தைச் சுழற்றினால் சூரியன் கீழே இறங்காது

ஆசிரியருக்கு,

வணக்கம். சுற்றிலுமுள்ள வானத்தையும் தரையையும் அவற்றின் ஒளி அளவோடு பதிந்த ஹெச்டிஆர் சூழல் படத்தைக் கொண்டு முப்பரிமாணக் காட்சிக்கு ஒளியூட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாகக் கற்பவர்களுக்கும் புரியும்படி இருந்தது. ஆனால் அதில் ஒரு வரி எனக்கு இடித்தது. பின்னணிப் புகைப்படத்தோடு வெயில் ஒத்துப்போகும்வரை சூழல் படத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் போதும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அது பாதி வேலைதான். மீதிப் பாதியை விட்டதால் நான் ஒருமுறை மூன்று நாள் வீணடித்திருக்கிறேன்.

சூரியன் இருக்கும் இடத்தைச் சொல்ல இரண்டு கோணங்கள் வேண்டும். எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஒன்று, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இன்னொன்று. படத்தைச் செங்குத்து அச்சில் சுழற்றும்போது முதல் கோணம் மட்டும்தான் மாறும். 55 டிகிரி உயரத்தில் எடுத்த சூரியன், எப்படிச் சுழற்றினாலும் 55 டிகிரியிலேயே நிற்கும். சரி, படத்தையே சாய்த்துவிடலாமே என்றால் அடிவானமும் கூடவே சாயும். ஒரு பக்கம் தரை மேலே ஏறிவிடும், பளபளப்பான பொருள்களில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

என் கதை இதுதான். திறந்த வெளியின் புகைப்படம் ஒன்றில் 2 மீட்டர் உயரமுள்ள ஒரு சிறு கூண்டுக் கடையை நிறுத்த வேண்டியிருந்தது. வானம் அழகாக இருந்ததால் ஒரு சூழல் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். சுழற்றினேன், நிழல் சரியான பக்கம் விழுந்தது. ஆனாலும் கடை தரையில் ஒட்டாமல் மிதப்பதுபோல் இருந்தது. வேலை கொடுத்தவரும் "வெட்டி ஒட்டினமாதிரி இருக்கே" என்றார். நான் தரைக்கும் சுவருக்கும் டெக்ஸ்சரை மாற்றினேன், நிறத்தைத் திருத்தினேன், மங்கலாக்கிப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை.

கடைசியில்தான் புகைப்படத்திலேயே விடை இருப்பதைக் கவனித்தேன். ஓரத்தில் ஒரு குட்டைக் கம்பம் நின்றது. கேமராவின் குவியத் தூரத்தையும் அடிவானக் கோட்டையும் முன்பே மென்பொருளில் பொருத்தியிருந்தேன். (இது முடியாமல் நிழலைத் தொடவே கூடாது, எல்லா அளவும் பொய்யாகிவிடும்.) அந்தக் கம்பத்தோடு அப்படியே பொருந்தும்படி அதே அளவில் ஓர் உருளையை வைத்தேன். தரையில் நிழலின் நுனி வரை ஒரு கோடு போட்டேன். கம்பம் 90 செ.மீ., நிழல் 156 செ.மீ. உயரத்தை நிழலின் நீளத்தால் வகுத்து, அந்த விகிதத்துக்குரிய கோணத்தைக் கண்டால் போதும்:

```
atan(90 / 156) = 30°
```

கம்பத்தின் உண்மையான உயரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விகிதம்தான் முக்கியம். ஆனால் கம்பம் நேராக நிற்க வேண்டும், தரையும் மட்டமாக இருக்க வேண்டும். சரிவான தரையில் இந்தக் கணக்கு செல்லாது.

அடுத்து சூழல் படத்தில் சூரியன் எங்கே என்று பார்த்தேன். எக்ஸ்போஷரை நன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் மற்றதெல்லாம் இருண்டு சூரியப் புள்ளி மட்டும் மிஞ்சும். என்னுடையது 4096 × 2048 பிக்சல் படம். 2048 பிக்சல் உயரம் 180 டிகிரியைக் குறிப்பதால் ஒரு டிகிரிக்குச் சுமார் 11.4 பிக்சல். அடிவானம் நடுவில், அதாவது மேலிருந்து 1024-ஆவது வரியில் இருக்கும். சூரியன் 398-ஆவது வரியில் இருந்தது. கழித்து வகுத்தால் 55 டிகிரி. புகைப்படத்துக்கு வேண்டியதோ 30! அந்த வெயிலில் 2 மீட்டர் கடையின் நிழல் ஏறக்குறைய 3.5 மீட்டர் நீண்டிருக்க வேண்டும், நான் கொடுத்தது 1.4 மீட்டர். மூன்று நாளாக நான் நிறத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், கோளாறு நீளத்தில் இருந்தது.

சூரியன் 683-ஆவது வரியை ஒட்டியிருக்கும் வேறொரு படத்தைத் தேடி எடுத்தேன். அப்புறம்தான் சுழற்றும் வேலை. அதையும் கண்மதிப்பில் விடக்கூடாது. அந்த உருளையின் ரெண்டர் நிழல், புகைப்படத்துக் கம்பத்தின் நிழல்மேல் கோட்டுக்குக் கோடு படியும்வரை திருப்ப வேண்டும். 5 டிகிரி பிசகினாலே 3.5 மீட்டர் நிழலின் நுனி 30 செ.மீ. விலகிவிடும். பிளெண்டரில் `Mapping` நோடின் Z கோணத்தை மாற்றுபவர்கள், முதலில் 10 டிகிரி மட்டும் திருப்பி நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. அமைப்பைப் பொறுத்து நாம் நினைத்ததற்கு எதிர்ப்பக்கமாகவும் போகும். இன்னொன்று: இறுதிக்கட்டத்தில் பக்க வடிவமைப்புக்காக யாராவது பின்னணியை மட்டும் இடவலமாகப் புரட்டிவிட்டால் இவ்வளவு உழைப்பும் போச்சு. எனக்கு அதுவும் நடந்திருக்கிறது.

நிழல் சரியான இடத்தில் விழுந்த பிறகும் அது வெளிறிப்போய், விளிம்பு கரைந்து தெரிந்தால், படம் எடுத்தவர் சூரியனின் முழு ஒளியையும் பிடிக்கவில்லை என்று பொருள். சூரிய வட்டு வெறும் அரை டிகிரி அகலம்தான், 4096 பிக்சல் படத்தில் ஆறே பிக்சல். ஆனால் நிழலை வெட்டினதுபோல் விழவைக்கும் ஒளியெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அந்த இடத்தில் பிக்சல் மதிப்பைப் படித்துப் பாருங்கள். சுற்றியுள்ள வானம் 1 என்றால் சூரியன் 20, 30 என்று நின்றால் அது வெட்டுப்பட்ட படம். உண்மையான சூரியன் வானத்தைவிடப் பல்லாயிரம் மடங்குக்கும் மேல் பிரகாசமானது.

இதற்கு நான் செய்வது, சூழல் படத்திலிருந்து சூரியனை அழித்துவிட்டு, அளந்த திசையில் தனியாக ஒரு சூரிய விளக்கை வைப்பது. விளக்கின் கோண அகலம் 0.53 டிகிரி. அழிக்க மறந்தால் மங்கலாக இரண்டாவது நிழல் ஒன்று கூடவே வரும். விளக்கின் வலிமைக்கும் புகைப்படத்தையே கேட்கலாம். ஒரே தரையில் வெயில் படும் இடத்தையும் நிழலையும் ரா கோப்பில் ஒப்பிட்டேன், 5-க்கு 1 என்று வந்தது. நிழலில் இருப்பது வானத்தின் ஒளி மட்டும், வெயிலில் வானமும் சூரியனும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே தரையில் சூரியனின் பங்கு வானத்தைப்போல் நான்கு மடங்கு வரும்வரை விளக்கை ஏற்றினேன். இதை ஜேபெக் படத்தில் செய்யாதீர்கள், கேமரா ஏற்கெனவே வெளிச்சத்தை வளைத்துவிட்டிருக்கும்.

விளக்கை வேண்டிய உயரத்தில் வைத்துக்கொள்ளலாமென்றால், முன்பு எடுத்த 55 டிகிரி வானமே போதாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குத்தான். சூரியனைச் சுற்றியுள்ள வானம் மற்ற இடத்தைவிட வெளுத்து ஒளிரும், அந்த வெளுப்பு பழைய இடத்திலேயே நின்றுவிடும். மண்சுவரில் யாரும் கவனிக்கமாட்டார்கள். கண்ணாடிக் கதவில் நன்றாகவே தெரியும். என் அனுபவத்தில் 10 டிகிரி வித்தியாசம் வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் வேறு படம் தேடுவதே மிச்சம்.

தாங்களே சூழல் படம் எடுப்பவர்களும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பூமி 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி சுழல்கிறது. பின்னணியை எடுத்துவிட்டு, ஸ்டாண்டை இடம் மாற்றி அரை மணி கழித்துச் சூழல் படத்தை எடுத்தால் அதே வானத்தில்கூட சூரியன் நகர்ந்திருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கு ஏற்ற சூழல் படங்களைப் பட்டியலிடும்போது ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிக்சல் என்று போடுகிறீர்கள். அதற்குப் பக்கத்திலேயே சூரியனின் உயரம் எத்தனை டிகிரி என்றும், சூரியன் வெட்டுப்பட்டிருக்கிறதா இல்லையா என்றும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
கட்டடக் காட்சிப் படங்கள் செய்யும் ஒரு வாசகர்