நெஞ்சழுத்தப் பயிற்சிக்கான சரிபார்ப்புத் தாள்: ஒரு கடிதம்

கல்லடி, மட்டக்களப்பு.

அன்புள்ள யோகராசா,

உமது கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பின்பும் திருக்கோவில் மீனவர் சங்கத்தின் வேலைகள் உம்மை விட்டபாடில்லை என்று அறிந்தேன். எனக்கும் இங்கே அதே நிலைதான். வார இறுதிகளில் ஏதாவதொரு மண்டபத்தில் பயிற்சிப் பொம்மையின் அருகே முழந்தாளிட்டுக்கொண்டிருக்கிறேன். சங்கத்தினருக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் இதயம் நின்று விழுந்தவருக்குச் செய்யும் நெஞ்சழுத்தத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் பழக்குவதற்கு ஒரு சரிபார்ப்புத் தாள் கேட்டிருந்தீர். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அதிலுள்ள சில வரிகள் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும் நீர் அறிந்திருக்க வேண்டும்.

இந்தத் தாளை நிரப்புபவர் பயிற்றுநர் அல்லர். அழுத்துபவருக்கு எதிரே முழந்தாளிட்டிருக்கும் சோடிக்காரரே. அவரும் அன்றுதான் பழக வந்தவர் என்பதால், கண்ணால் காணக்கூடியதும் கடிகாரத்தால் அளக்கக்கூடியதும் மட்டுமே தாளில் இருக்க வேண்டும். பல இடங்களில் புழங்கும் தாள்களில் ‘சரியான வேகத்தில் அழுத்தினார்’ என்றொரு வரி உண்டு. அதற்கு எல்லோரும் எல்லோருக்கும் சரி அடையாளம் இட்டுவிடுவார்கள். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இராது. ஆகவே நமது தாளில் ‘30 அழுத்தங்கள் எத்தனை செக்கனில் முடிந்தன?’ என்று கேட்டு, அருகே ஒரு வெற்றுக் கட்டம் விட்டிருக்கிறேன். விடை 15க்கும் 18க்கும் இடையில் இருந்தால் வேகம் சரி. கைத்தொலைபேசியிலுள்ள நிறுத்தற் கடிகாரமே இதற்குப் போதும்.

இந்த ஒரு கட்டம் எவ்வளவைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கரைவலை இழுக்கும் இளைஞர் ஒருவர், தோள்வலிமையில் குறையில்லாதவர், முதற்சுற்றை 12 செக்கனில் முடித்தார். அது நிமிடத்துக்கு 150 என்ற வேகம். பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் சோடிக்காரரைக் குனிந்து பொம்மையின் நெஞ்சு மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னபோது, நெஞ்சு ஒருமுறைகூடத் தன் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை என்பது தெரிந்தது. நெஞ்சு முழுமையாக மேலெழும்போதுதான் இதயத்துக்குள் இரத்தம் திரும்பி நிறையும். உடற்பாரத்தை அதன்மேல் சாய்த்து வைத்திருந்தால், அடுத்த அழுத்தத்தில் வெளியே தள்ளுவதற்குப் போதிய இரத்தம் இராது. அவரிடம் வேகத்தைக் குறையும் என்று மட்டும் நாம் சொல்லவில்லை. முழங்கைகளை மடக்காமல் தோள்களைக் கைகளுக்கு நேர்மேலே கொண்டுவந்து, இடுப்பிலிருந்து இறங்கி ஏறும்படியும், ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பாகம் நெஞ்சைத் தொட்டபடியே இருந்தாலும் பாரம் முழுவதையும் எடுத்துவிடும்படியும் சொன்னோம். அடுத்த சுற்றுக்கு 17 செக்கன் எடுத்தது, நெஞ்சும் எழுந்தது. ஆகவே நேரத்துக்கு ஒரு வரி, நெஞ்சு எழுவதற்கு இன்னொரு வரி என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன்.

எண்ணும் முறையையும் கவனியும். இருபதைத் தாண்டியதும் ‘இருபத்தொன்று, இருபத்திரண்டு’ என்று வாய் நீளுவதால் கையும் தாமதிக்கும். ஒன்று முதல் பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொன்னால் வேகம் கடைசிவரை ஒரே சீராக இருக்கும்.

ஆழத்தைப் பற்றி மிகைப்படுத்தி உறுதி கொடுக்காதீர். 5 சென்றிமீற்றருக்குக் குறையாமலும் 6ஐத் தாண்டாமலும் மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், நெஞ்சின் நடுவே, அழுத்த வேண்டும். போதிய ஆழத்தில் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் பொம்மையில்தான் அதைச் சரிபார்க்க முடியும். இரண்டாவது பொம்மை இல்லாமல் தலையணையில் பழகுபவர்களின் தாளில் ஆழத்துக்குரிய கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடும். தலையணை கையின் இடத்தையும் தாளத்தையும் பழக்கும், ஆழத்தைப் பழக்காது. உயிருள்ள ஒருவரின் நெஞ்சில் எக்காரணம் கொண்டும் அழுத்திப் பழக விடாதீர். தோளைத் தட்டி அழைப்பதையும் மூச்சைப் பார்ப்பதையும் மட்டும் ஒருவர்மேல் ஒருவர் பழகலாம்.

அழுத்தத் தொடங்குவதற்கு முந்திய படிகளில் பெரும்பாலானோர் தடுமாறும் இடம் ஒன்றுதான். இதயம் நின்ற முதல் நிமிடங்களில் சிலர் கரையில் போட்ட மீனைப்போல வாயைத் திறந்து, இடைவிட்டு இடைவிட்டு இழுத்து மூச்செறிவார்கள். அதைக் கண்டவர்கள் ‘மூச்சு இருக்கிறது’ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அது மூச்சன்று. தட்டி அழைத்தும் அசைவில்லை, 10 செக்கனுக்குள் இயல்பான மூச்சும் காணவில்லை என்றால் அழுத்தத் தொடங்க வேண்டும். நாடியைத் தேடும் வேலை பொதுமக்களுக்கு வேண்டாம். நீரே தரையில் படுத்து அந்த இழுப்பை நடித்துக் காட்டும். ‘இழுப்பைக் கண்டதும் அழுத்தத் தயாரானார்’ என்ற வரிக்கு, பழகுபவர் உமக்கு அருகே உள்ள பொம்மையின் பக்கம் திரும்பிக் கையை வைத்தால் மட்டுமே சரி அடையாளம்.

1990 அம்புலன்ஸ் சேவையை அழைப்பதையும் வாயால் சொல்லிப் பழக்க வேண்டும். ‘யாராவது அழையுங்கள்’ என்று கூட்டத்தைப் பார்த்துக் கூவினால் ஒருவரும் அழைக்கமாட்டார். ஒருவரைச் சுட்டி, ‘நீங்கள் 1990க்கு எடுத்து ஸ்பீக்கரில் போடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். பெயர்ப்பலகை இல்லாத நமது கடற்கரை ஒழுங்கைகளில் வண்டி வந்து சேர்வதற்கு, எந்தக் கோயிலுக்கு அல்லது பாடசாலைக்கு எந்தப் பக்கம் என்பதை இரண்டே வாக்கியங்களில் சொல்லிக் காட்டச் செய்யும்.

உமது சங்கத்தினருக்கென்று ஒரு வரி கூட்டியிருக்கிறேன். வாய்வழி மூச்சுக் கொடுக்கத் தயங்குபவர் திடீரென விழுந்த வளர்ந்தவருக்கு நெஞ்சழுத்தத்தை மட்டும் தொடரலாம். ஆனால் கடலிலிருந்தோ வாவியிலிருந்தோ எடுத்தவருக்கு மூச்சே முதற்தேவை, ஏனெனில் அவருடைய இதயம் நின்றது காற்றில்லாமையால். தலையைச் சாய்த்து மோவாயை உயர்த்தி, முதலில் 5 மூச்சுகள், பின்னர் 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சுகள் என்ற ஐரோப்பிய முறையையே தாளில் எழுதியிருக்கிறேன். அமெரிக்க முறையில் தொடக்கம் 2 மூச்சுகள். ஒரு வகுப்பில் இரண்டையும் சொல்லிக் குழப்ப வேண்டாம். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தூக்கிச் சுற்றுவது ஆகியவற்றைக் கண்டிப்பாக மறுத்துச் சொல்லும். மூச்சுக்காக அழுத்தம் நிற்கும் இடைவெளி 10 செக்கனைத் தாண்டக்கூடாது; அதற்கும் தாளில் ஒரு கட்டம் உண்டு.

30 அழுத்தமும் 2 மூச்சுமாக ஐந்து சுற்றுகள் ஏறக்குறைய 2 நிமிடமாகும். அத்துடன் ஆளை மாற்றிவிடும், அவர் களைக்கவில்லை என்று சொன்னாலும்கூட; களைப்பை அவர் உணர்வதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடுகிறது.

ஒரு பொம்மையை அக்கரைப்பற்றுக்கு வரும் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அதன் நெஞ்சு வில் சற்றுத் தளர்ந்திருக்கிறது. வகுப்புக்கு முதல்நாள் அழுத்திப் பார்த்து, ‘கிளிக்’ ஒலி கேட்காவிட்டால் எனக்கு ஒரு அழைப்பு எடும், வேறொன்றை ஒழுங்கு செய்கிறேன்.

அன்புடன்,
தவம்