பன்னிரண்டு நடக்குது

கோவை,
11-1-2026

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த ஓட்ட அறிவிப்பும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே என் வலது முழங்கால் மறுபடி வம்பு செய்கிறது. இந்த வருடம் எங்கள் காலனி ஓட்டத்தில் எனக்கு ஓட்டம் கிடையாது, மேஜை போட்டு எண் அட்டை கொடுக்கும் வேலைதான்.

உன் அறிவிப்பு சுருக்கமாக, படத்துக்குக் கீழே போட அளவாக இருக்கிறது. ஆனால் மூன்று வருடம் அந்த மேஜையில் உட்கார்ந்து திட்டு வாங்கியவன் என்பதால் சொல்கிறேன், அதில் வயது வரி உன்னைப் படுத்திவிடும். ‘12 வயதுக்குட்பட்டோர், 12–18, 18–45’ என்று எழுதியிருக்கிறாய். பதினெட்டு வயதுப் பையன் எந்தப் பிரிவு? இரண்டிலும் இருக்கிறான். பரிசு என்று வந்துவிட்டால் எது லாபமோ அந்தப் பக்கம் நிற்பான்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் ஊர்ப் பேச்சு. போன வருடம் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயது கேட்டால் “பன்னிரண்டு நடக்குதுங்க” என்றார். மேஜையில் இருந்த பையன் பன்னிரண்டு என்றே குறித்துக்கொண்டு 5 கி.மீ. எண் அட்டையைக் கொடுத்துவிட்டான். குழந்தைக்கு நிறைந்த வயது பதினொன்று. அவள் ஓட வேண்டியது 1 கி.மீ. பாதியில் அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டாள். தப்பு அந்த அம்மாவுடையதும் இல்லை, பையனுடையதும் இல்லை. ‘எந்த நாளில், நிறைந்த வயதா நடக்கும் வயதா’ என்று நாங்கள் எழுதவில்லை. அதனால் சிறுவர் பிரிவுக்கு வயதே போடாதே, பிறந்த தேதியைப் போடு. உன் ஓட்ட நாளான பிப்ரவரி 8 அன்று 12 நிறையாதவர்கள் என்றால் 9-2-2014 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். 8-ஆம் தேதி பிறந்த குழந்தைக்கு அன்றைக்கே 12 நிறைந்துவிடும், ஒரு நாள் தள்ளிப் போட்டதற்கு அதுதான் காரணம்.

அடுத்தது ‘காலை 6 மணி’. அது வந்து சேரும் நேரமா, ஓட்டம் கிளம்பும் நேரமா? நம் ஆட்கள் ஆறு என்றால் ஆறு பத்துக்குத்தான் வண்டியை நிறுத்த இடம் தேடுவார்கள். பெயரைத் தேடி, எண் அட்டையும் நான்கு ஊக்கும் கொடுக்க ஒருவருக்கு அரை நிமிடம் ஆகிறது. 240 பேருக்கு இரண்டு மேஜை போட்டால் சரியாக ஒரு மணி நேரம். முதல் வருடம் இந்தக் கணக்கைப் போடாமல், ஏழே காலுக்குத்தான் கொடியசைத்தோம். எண் அட்டையைச் சனிக்கிழமை மாலையே கொடுத்துவிடு, மிச்சம் இருப்பவர்களை மட்டும் காலையில் பார்த்துக்கொள்ளலாம். ரொம்ப முன்னாலும் கிளப்பாதே, பிப்ரவரியில் நல்ல வெளிச்சம் வர ஆறரை ஆகிவிடும்.

தூரத்துக்குச் செல்போனை நம்பினாயா? மரத்தடியில் அது கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். நான் சைக்கிளில் அளந்தேன். முன்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, டேப்பால் அளந்த 100 மீட்டரை உருட்டினால் 48 சுற்று வந்தது. எங்கள் குளக்கரை முழுக்க உருட்டியதில் 1,176 சுற்று, அதாவது 2,450 மீட்டர். இரண்டு வலம் வந்தால் 4.9 கி.மீ. கிளம்பும் கோட்டை மட்டும் 100 மீட்டர் பின்னால் தள்ளினோம், 5 கி.மீ. ஆகிவிட்டது. அளக்க நேரமில்லை என்றால் ‘சுமார்’ என்று ஒரு சொல் போட்டுவிடு, யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கட்டணத்தில் ஒன்றுதான்: டி-ஷர்ட் சேர்த்தா இல்லையா என்று சொல்லிவிடு. அளவு சொல்லக் கடைசி நாளும் போடு. தைக்கிறவர் பத்து நாள் கேட்பார்.

சரி, என் கைவரிசை இது. பிடித்தால் எடுத்துக்கொள்:

‘பிப்ரவரி 8, ஞாயிறு. ஏரிக்கரையில் ஓடலாம், வாங்க! 5 கி.மீ. ஓட்டம்: ஓட்ட நாளில் நிறைந்த வயதுப்படி 12–17, 18–44, 45-உம் அதற்கு மேலும். சிறுவர் ஓட்டம் 1 கி.மீ.: 9-2-2014 அன்றோ பிறகோ பிறந்தவர்கள். கட்டணம் ரூ. 200, சிறுவர்களுக்கு ரூ. 100, டி-ஷர்ட் உட்பட. பதிவுக்கும் டி-ஷர்ட் அளவுக்கும் கடைசி நாள் ஜனவரி 28. எண் அட்டை சனிக்கிழமை மாலை 4 முதல் 7 வரை. ஞாயிறு காலை 5 கி.மீ. ஓடுபவர்கள் வர வேண்டியது 5.45, ஓட்டம் 6.30. சிறுவர்கள் வர வேண்டியது 6.45, ஓட்டம் 7.15.’

முதல் வரி உன் அறிவிப்பில் இருந்ததுதான், அதில் கை வைக்க மனசு வரவில்லை. முழங்கால் விட்டால் நான் சனிக்கிழமை மதியமே அங்கே வந்துவிடுகிறேன். ஒரு மேஜையை எனக்கு ஒதுக்கி வை. அம்மாவிடம் சொதி கேட்டதாகச் சொல்.

உன்,
சந்திரன்